வாதம், பித்தம், கபம்: இந்தப் பெயர்கள் எதைச் சொல்கின்றன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வாதம்னா காத்து, பித்தம்னா நெருப்பு, கபம்னா தண்ணி. இவ்வளவுதானே?

பாதி சரி. அது பஞ்சபூதக் கணக்கு. ஆயுர்வேதம் இந்த மூன்றையும் தோஷங்கள் என்கிறது. எந்தத் தோஷத்தில் எந்தப் பூதம் மிகுதி என்று பார்ப்பதற்கு அது உதவும். பெயர்கள் அந்தக் கணக்கிலிருந்து பிறக்கவில்லை.

பெயர்களுக்கு விளக்கம் வேண்டுமென்றால் சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 21 ஆம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். விரணப்ரச்னம், அதாவது புண்ணைப் பற்றிய கேள்விகள், என்பது அதன் தலைப்பு. அறுவை மருத்துவ நூல் என்பதால் எல்லாம் புண்ணில் தொடங்குகிறது. அங்கே ஒரே வாக்கியத்தில் மூன்று வினைப்பகுதிகளைச் சொல்லிவிடுகிறார்கள். ‘வா’ என்பது அசைவையும் கந்தனத்தையும் குறிக்கும். ‘தப்’ என்பது சுடுவதைக் குறிக்கும். ‘ச்லிஷ்’ என்பது தழுவுவதைக் குறிக்கும். இவற்றோடு விகுதி சேர்ந்து வாதம், பித்தம், ச்லேஷ்மா என்ற வடிவங்கள் உண்டாகின்றன என்கிறது நூல்.

ஆக, நூலாசிரியர் பார்வையில் மூன்றும் வினைகள். ஒன்று நகர்த்துகிறது, ஒன்று சுடுகிறது, ஒன்று ஒட்டவைக்கிறது. காற்று, நெருப்பு, தண்ணீர் என்று பொருளாகப் பிடித்துக்கொள்பவர்களுக்கு, ‘முழங்கால் மூட்டுக்குள் காற்று எப்படிப் போகும்?’ என்ற சந்தேகம் வந்தே தீரும். நகர்ச்சி கெட்டுப்போயிருக்கிறது என்று படித்தால் அந்தக் கேள்வி எழாது.

இடையில் வந்த ‘கந்தனம்’ மட்டும் கொஞ்சம் தொல்லையான சொல். மணம் பரப்புவது, குறிப்பால் உணர்த்துவது, துன்புறுத்துவது என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்வார்கள். வாதத்துக்குப் புலன்களோடும் வலியோடும் உள்ள தொடர்பை இந்தச் சொல்லில் ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ‘அசைவு’ என்ற முதல் பொருளே போதும் என்று தோன்றும்.

வாதமும் வாயுவும் ஒண்ணா? வயித்துல வாயுன்னு சொல்றோமே, அதுதானா இது?

இரண்டும் ‘வா’ என்ற அதே பகுதியிலிருந்து வந்தவை. மருத்துவ நூல்கள் வாதம், வாயு, அனிலன், மாருதம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். செய்யுளில் எது சந்தத்துக்குப் பொருந்துகிறதோ அது வரும். ‘வீசுவது’ என்பதுதான் நேர்ப்பொருள். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 186 ஆம் பாடல் ‘வாத ஆ வாது பேஷஜம்’ என்று தொடங்குகிறது. ‘வாதன் நம்மை நோக்கி மருந்தை வீசட்டும்’ என்று பொருள். பெயரும் அதன் வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்தப் பாடலில் வாதன் மருந்து கொண்டுவரும் தெய்வம். பிற்கால மருத்துவத்தில் மிக அதிகமான நோய்களின் காரணம் அவன் பேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது: சரக சம்ஹிதை தனித்தனித் தோஷத்தால் மட்டும் வரும் நோய்களை எண்ணும்போது வாதத்துக்கு 80, பித்தத்துக்கு 40, கபத்துக்கு 20 என்று தருகிறது.

வயிற்று வாயு இந்தப் பெரிய சொல்லின் ஒரு மூலை. வாதத்தின் ஐந்து பிரிவுகளைப் பார்த்தால் அது எங்கே உட்காருகிறது என்று தெரியும். பிராணன், உதானன், வியானன், சமானன், அபானன் என்ற ஐந்தும் ‘அன்’, அதாவது மூச்சுவிடு, என்ற ஒரே பகுதியின் முன்னால் ஐந்து முன்னொட்டுகள் சேர்ந்து ஆனவை. ‘ப்ர’ முன்னோக்கி, ‘உத்’ மேலே, ‘வி’ நாலா பக்கமும் பிரிந்து, ‘ஸம்’ ஒன்றுசேர்த்து, ‘அப’ விலக்கி, வெளியே. பெயரிலேயே திசை இருக்கிறது. பேச்சும் ஏப்பமும் உதானனுக்கு. மலம், சிறுநீர், மாதவிலக்கு, பிரசவம் ஆகியவற்றில் எது வெளியே தள்ளுகிறதோ அது அபானன். வயிற்று வாயு இந்த அபானன் வழி தவறியதன் ஓர் அடையாளம். அதற்காக வாதம் முழுவதையும் ‘கேஸ்’ என்று சுருக்கிவிட்டால் பக்கவாதம் எதற்கு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது புரியாமல் போகும்.

பக்கவாதத்துல வர்ற வாதமும் விவாதத்துல வர்ற வாதமும் ஒரே சொல்லா?

இல்லை. விவாதம், பிடிவாதம், வாதி, பிரதிவாதி எல்லாம் ‘வத்’, அதாவது பேசு, என்ற பகுதியிலிருந்து வருபவை. சமஸ்கிருதத்தில் நோய்க்குரியது வல்லின ‘த’ (वात), பேச்சுக்குரியது மெல்லோசை ‘த’ (वाद). தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கீல்வாதம், முடக்குவாதம், பக்கவாதம் மூன்றும் முதல் வகை.

பித்தம்ங்கிறது பித்தப்பையில இருக்கிற பச்சைத் தண்ணிதானே? அத ஏன் நெருப்புன்னு சொல்றாங்க?

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று பெயர்களில் மிகவும் சிக்கலானது இது.

முதலில், ‘பித்தம்’ என்ற சொல் மருத்துவ நூல்களைவிடப் பழையது. அதர்வ வேதத்தில் அது இருக்கிறது. அங்கே ‘அக்னியே, நீ தண்ணீரின் பித்தம்’ என்று ஒரு வரி வருகிறது (18 ஆம் காண்டம், 3 ஆம் பாடல்). கல்லீரலுக்குக் கீழே தொங்கும் பையில் உள்ள கசப்பு நீர்தான் அந்தச் சொல் குறித்த பொருள். விலங்கை அறுத்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் இருக்க முடியாது. அதோடு அக்னியைச் சேர்த்துப் பேசும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது.

சுஸ்ருதர் ‘தப்’ (சுடு) என்ற பகுதியிலிருந்து இதைப் பெறுகிறார். இலக்கணப்படி பார்த்தால் ‘தப்’ என்பதோடு ‘த’ விகுதி சேர்ந்தால் ‘தப்தம்’ என்றுதான் வரும். சூடானது என்று பொருள். பித்தம் வர வேண்டுமென்றால் தகரமும் பகரமும் இடம் மாறி, நடுவில் ஓர் இகரமும் நுழைய வேண்டும். இந்த மாதிரி எழுத்து மாற்றிப் பொருள் காண்பது அந்தக் காலத்து நிருக்த முறையில் தவறே இல்லை. சொல்லின் வரலாற்றை அது சொல்லவில்லை. சொல் என்ன வேலை செய்கிறது என்று ஆசிரியர் நினைக்கிறாரோ அதைச் சொல்கிறது. எனவே ‘பித்தம் தப் என்ற வேரிலிருந்து பிறந்தது’ என்று மொழியியல் உண்மைபோல எழுதும் பதிவுகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படியுங்கள். ‘பித்தத்தைச் சுடுவதாகப் புரிந்துகொண்டார்கள்’ என்று சொன்னால் சரி.

சந்தேகம் உங்களுக்கு மட்டும் வரவில்லை. அதே 21 ஆம் அத்தியாயத்தில், ‘பித்தத்தைத் தவிர வேறு அக்னி உடம்பில் உண்டா, அல்லது பித்தமேதான் அக்னியா?’ என்று கேள்வி எழுப்பி, பித்தத்தைத் தவிர வேறு அக்னி காணப்படவில்லை என்று பதில் தருகிறார்கள். எரிப்பது, சமைப்பது ஆகிய வேலைகள் அதனிடம் இருப்பதால் அதை உள்ளக்னி என்கிறோம், அது குறைந்தால் அக்னி போன்ற பொருள்களைக் கொடுக்கிறோம், கூடினால் குளிர்ச்சியானதைக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம் (பேச்சு வாதம்!). சரகர் இன்னும் நிதானமானவர். சரக சம்ஹிதைச் சூத்திரஸ்தானத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்து விவாதத்தில் மரீசி என்பவர், ‘உடம்பில் அக்னிதான் பித்தத்துக்குள் இருந்துகொண்டு’ நல்லதும் கெட்டதும் செய்கிறது என்கிறார். பித்தமே அக்னி என்பதற்கும், பித்தத்துக்குள் அக்னி என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சின்னதல்ல.

சுஸ்ருதர் இங்கே பித்தத்தின் ஐந்து வேலைகளுக்கும் பெயர் வைக்கிறார், ஐந்தையும் ‘அக்னி’ என்றே அழைக்கிறார். சோற்றைச் சமைப்பது பாசகம். உணவின் சாரமான ரசத்துக்கு நிறம் ஏற்றுவது ரஞ்சகம். இடம் கல்லீரலும் மண்ணீரலும். நினைத்ததை முடிக்க வைப்பது சாதகம், இடம் இதயம். பார்ப்பது ஆலோசகம், இடம் கண். தோலில் ஒளிர்வது ப்ராஜகம். இவற்றில் ‘பச்’ (சமை), ‘ரஞ்ச்’ (நிறமேற்று), ‘ப்ராஜ்’ (ஒளிர்) என்று ஒவ்வொன்றும் ஒரு வினை. கண்ணில் பித்தநீர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சில சுலோகங்கள் தள்ளி அதே ஆசிரியர் பித்தத்தை நீராகவும் வருணிக்கிறார்: கூர்மையானது, திரவம், நாற்றமுள்ளது, நீலமும் மஞ்சளுமானது, சூடானது, காரச்சுவை, அரைகுறையாக வெந்துவிட்டால் புளிப்பு. நிறம், நாற்றம், சுவை என்று இது வாந்தியில் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வரும் நோய்க்கு அம்லபித்தம், புளிப்புப் பித்தம், என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் நீர், அது செய்யும் சுடுதல் வேலை என்ற இரண்டு அடுக்கும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ஒரு வாக்கியத்தில் எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வாந்தி, மலம், நிறம் பற்றிப் பேசினால் நீர். பசி, பார்வை, அறிவு, தோலின் பொலிவு பற்றிப் பேசினால் வேலை. தமிழில் நாம் பித்தத்தை மயக்கத்துக்கும் (‘பித்தமா வருது’), பைத்தியத்துக்கும் (பித்து, பித்தன்), குதிகால் வெடிப்புக்கும்கூடப் பயன்படுத்துகிறோம். அவை நம் ஊர் வளர்த்த பொருள்கள், சம்ஹிதைகளில் தேட வேண்டாம்.

கபம்னா சளிதானே? சிலேத்துமம்னு எழுதுறாங்களே, அது வேறயா?

குறிக்கப்படும் தோஷம் ஒன்றே, பெயர்கள் இரண்டு. இரண்டும் வெவ்வேறு பக்கத்தைக் காட்டுகின்றன.

‘ச்லேஷ்மா’ என்பதுதான் சுஸ்ருதர் விளக்கிய சொல். ‘ச்லிஷ்’ என்றால் தழுவு, ஒட்டிக்கொள். இலக்கியத்தில் ஒரே தொடருக்கு இரண்டு பொருள் ஒட்டி நிற்கும் சிலேடையும் இதே பகுதியிலிருந்து வந்ததுதான். பித்தம் மாதிரி இங்கே எழுத்தை இடம் மாற்ற வேண்டியதில்லை. சொல்லும் வினையும் நேராகப் பொருந்துகின்றன. தமிழில் இது சிலேத்துமம், சிலேட்டுமம் ஆயிற்று.

‘கபம்’ என்பது மக்கள் சொல். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் ‘கப’ என்றால் நுரை. இன்றைய பாரசீகத்திலும் ‘கஃப்’ நுரைதான். இந்தப் பக்கத்தில் அது தொண்டைச் சளியாக நின்றது. பின்னால் வந்த உரையாசிரியர்கள், ‘க’ என்றால் நீர், நீரால் பலன் தருவது கபம் என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு நுரை என்ற உறவுதான் நம்பும்படியாக இருக்கிறது.

சளி என்று மட்டும் புரிந்துகொண்டால் இடிக்கும் இடம் மூட்டு. கபத்தின் ஐந்து பிரிவுகளில் ஒன்றான ச்லேஷகம் மூட்டுகளில் இருந்து எலும்புகளை வழுக்கலாகச் சேர்த்து வைப்பது. மற்ற நான்கில் க்லேதகம் இரைப்பையில் உணவை நனைக்கிறது, அவலம்பகம் நெஞ்சில் தாங்குகிறது, போதகம் நாக்கில் சுவையை உணர்த்துகிறது, தர்ப்பகம் தலையில் புலன்களுக்கு நிறைவு தருகிறது. ஒட்டுவது, நனைப்பது, தாங்குவது என்று எல்லாம் சேர்த்து நிறுத்தும் வேலைகள். மூக்கில் ஒழுகுவது இதன் மிச்சம்.

தோஷம்னா குறைன்னுதானே அர்த்தம்? உடம்பத் தாங்குற மூணையும் எப்படிக் குறைன்னு சொல்லலாம்?

‘துஷ்’ என்றால் கெடு. கெடுப்பது தோஷம். ஜாதகத்தில் வரும் தோஷமும் ஜலதோஷமும் அதே சொல்தான். மருத்துவ நூல்களில் இது நிரந்தரப் பெயர் அல்ல, வேலைக்கேற்ற பெயர். சார்ங்கதர சம்ஹிதை இதை ஒரே சுலோகத்தில் தீர்த்துவிடுகிறது: வாதமும் பித்தமும் கபமும் உடம்பைக் கெடுக்கும்போது தோஷம், தாங்கும்போது தாது, அழுக்காக்கும்போது மலம். மூன்றே பொருள்கள், அவற்றுக்கு நடத்தையைப் பார்த்து மூன்று பட்டங்கள்.

சுஸ்ருதரின் 21 ஆம் அத்தியாயமும் தாங்கும் வேலையிலிருந்துதான் தொடங்குகிறது. கீழே வாதம், நடுவே பித்தம், மேலே கபம் என்று அமர்ந்து, கெடாமல் இருக்கும்வரை, மூன்று தூண்கள் வீட்டைத் தாங்குவது போல உடம்பைத் தாங்குகின்றன. ஆகவே சிலர் உடம்புக்கு ‘த்ரிஸ்தூணம்’, மூன்று தூண் வீடு, என்றே பெயரிட்டிருக்கிறார்கள் என்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னோர் ஒப்பீடு: சந்திரன் பொழிவதாலும், சூரியன் உறிஞ்சுவதாலும், காற்று சிதறடிப்பதாலும் உலகம் நிற்பது போல, கபம், பித்தம், வாதம் ஆகியவற்றால் உடம்பு நிற்கிறது. மறுபடியும் பாருங்கள், பொழிவது, உறிஞ்சுவது, சிதறடிப்பது என்று மூன்றுமே வினைகள்.

தாது என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘தா’ என்றால் தாங்கு, வை. உடம்பைத் தாங்கும் ரசம், ரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் ஏழும் தாது. மண்ணுக்குள் இருக்கும் கனிமமும் தாது. இலக்கணத்தில் வினைப்பகுதிக்கும் தாது என்றே பெயர். சுஸ்ருதர் ‘வா என்பது தாது’ என்று சொல்லும் இடத்தில் அவர் பேசுவது இலக்கணம். அதை உடல் தாதுவாகப் படித்துக் குழம்பியவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

சித்த மருத்துவத்துல வளி, அழல், ஐயம்னு சொல்றாங்களே, அது இதோட மொழிபெயர்ப்பா?

இது எதிலிருந்து எது வந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பொருளை மட்டும் பார்த்தால், வளி வீசும் காற்று, அழல் எரியும் நெருப்பு, ஐயம் (ஐ என்றும் சொல்வர்) கோழை. முதல் இரண்டும் ‘வா’, ‘தப்’ ஆகியவற்றுக்கு நெருக்கமாக நிற்கின்றன. அழல் என்ற பெயரில் கசப்பு நீர் இல்லை, எரிவது மட்டும் இருக்கிறது. ஆகவே பித்தத்தில் நாம் பட்ட பாடு அதில் இல்லை. மூன்றாவது, கபத்தைப் போலவே, கண்ணில் படும் பொருளின் பெயர். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் (குறள் 941) ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வருகிறது. மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறது குறள். மற்ற இரண்டின் பெயரை அது சொல்லவில்லை. படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டது.

அம்மாவுக்கு மூட்டு வீக்கம். சீட்டுல ‘ஆமவாதம்’னு எழுதியிருக்கு. வாதம்னா எண்ணெய் தேய்க்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, வைத்தியர் வேண்டாம்னுட்டார். ஏன்?

பெயரைப் பிரித்தாலே காரணம் தெரியும். ‘ஆம’ என்றால் வேகாதது, பச்சை. இரைப்பைக்கு ஆமாசயம் என்று பெயர், வேகாதது இருக்கும் இடம். பெருங்குடலுக்குப் பக்வாசயம், வெந்தது இருக்கும் இடம். பசித்தீ மந்தமாகி, உண்டதன் முதல் சாரம் வேகாமல் நின்றுவிட்டால் அதற்கு ஆமம் என்று பெயர் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். ஆமவாதம் என்றால் அந்தப் பச்சைச் சாரத்தை வாதம் நகர்த்திக்கொண்டுபோய் மூட்டுகளில் போட்டிருக்கிறது என்று பொருள்.

மாதவ நிதானம் என்ற நோய்நாடல் நூல் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. உடல் அடித்துப்போட்டாற்போல் வலி, ருசியின்மை, தாகம், சோம்பல், கனம், காய்ச்சல், செரியாமை, உறுப்புகளில் வீக்கம் என்று அடையாளம் தருகிறது. வலி தேள் கொட்டினாற்போல் இருக்குமாம். இந்தப் பட்டியலில் கனம், சோம்பல், ருசியின்மை மூன்றையும் கவனியுங்கள். வாதத்தின் இயல்பு வறட்சியும் லேசும். கனம் அதன் குணமே அல்ல. அது ஆமத்தின் கைரேகை.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். வெறும் வாதம் வறண்டது, ஆகவே எண்ணெய் அதற்கு எதிர். ஆமமோ பிசுபிசுப்பும் கனமுமானது. எண்ணெய் அதற்கு இனம். எனவே ஆமவாதத்துக்குச் சிகிச்சை நூல்கள் முதலில் சொல்வது லங்கனம், அதாவது உடம்பை லேசாக்குவது (பட்டினி அல்லது மிகக் குறைந்த உணவு), அடுத்தது வியர்க்கவைப்பது. அதிலும் உலர்ந்த ஒத்தடம். மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவார்கள். பிறகு பசியைத் தூண்டும் கசப்பும் காரமும். ஆமம் தீர்ந்து வீக்கமும் கனமும் இறங்கிய பிறகுதான் எண்ணெய்ப் பேச்சு. அதற்கு முன் தேய்த்தால் மறுநாள் மூட்டு இன்னும் கனத்து, விறைத்துப்போகும். பெரும்பாலும் வீட்டில் ‘எண்ணெய் ஒத்துக்கலை’ என்று சொல்வது இதைத்தான்.

இதே மூட்டு நோய்க்கு வேறு இரண்டு பெயர்களும் சீட்டில் வரலாம். ‘சந்திகத வாதம்’ என்றால் மூட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாதம். இதில் ஆமம் கிடையாது. வீக்கத்தைத் தொட்டால் காற்றடைத்த தோல்பை மாதிரி இருக்கும், நீட்டி மடக்கினால் வலிக்கும் என்று சரகர் சிகிச்சாஸ்தானம் 28 ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். காய்ச்சலும் ருசியின்மையும் இல்லை. இங்கே எண்ணெய் முதல் மருந்து. ‘வாதரக்தம்’ என்றால் வாதமும் ரத்தமும் சேர்ந்து கெட்டது. கால், கை விரல் மூட்டுகளில் தொடங்கி எலி நஞ்சு போல உடம்பெங்கும் பரவும் என்பார்கள். மூன்றுக்கும் தமிழில் ‘மூட்டுவாதம்’ என்று ஒரே பெயர் போட்டுவிட்டால், மூன்றுக்கும் ஒரே எண்ணெயும் போடப்படும்.

ஒரு விஷயம் தனியாக. ஆமவாதம் என்ற பெயர் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு) நெருக்கமாக இருக்கலாம். அதுவேதான் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. காலையில் நெடுநேரம் விறைப்பு, இரண்டு கைகளிலும் ஒரே மூட்டுகளில் வீக்கம் என்றால் மூட்டு மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த நோய் மூட்டை அரித்துவிடும், பிறகு எந்த மருந்தாலும் அரிப்பைத் திருப்ப முடியாது.

ஜன்னின்னு பாட்டி சொல்வாங்க. அதுவும் ஆயுர்வேதச் சொல்லா?

ஆம். ‘சந்நிபாதம்’ என்பதன் தேய்ந்த வடிவம். ஸம், நி, பாதம் என்று பிரியும். ஒன்றாக வந்து விழுவது. மூன்று தோஷங்களும் ஒரே சமயத்தில் கெட்டு வரும் காய்ச்சல் சந்நிபாத ஜுரம். அதில் பிதற்றலும் மயக்கமும் வருவதால், நம் பேச்சில் பிதற்றலே ஜன்னி ஆகிவிட்டது.

நோய் வந்த பிறகுதான் தோஷம் கெட்டுச்சுன்னு தெரியுமா? அதுக்கு முன்னாடி பேர் கிடையாதா?

உண்டு, அவையும் அதே 21 ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. சஞ்சயம் என்றால் குவிவது. பிரகோபம் என்றால் கோபம் கொள்வது. ஆமாம், நம் கோபம்தான். பிரசரம் பரவுவது. ஸ்தானசம்ச்ரயம் ஓர் இடத்தில் தங்கிவிடுவது. வ்யக்தி வெளிப்படுவது, நோய்க்குப் பெயர் கிடைப்பது இந்த ஐந்தாம் நிலையில்தான். பேதம் உடைவது, புண்ணாகத் திறந்துவிடுவது. புண் மருத்துவர்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் படி பிரித்தார்கள் என்பது கடைசிச் சொல்லில் தெரிகிறது: கட்டி உடையும் முன் பிடிக்க வேண்டும்.

பரவும் நிலைக்கு அவர்கள் தரும் உவமை சாராயத் தொட்டி. நொதிப்பொருள், நீர், மாவு மூன்றும் சேர்ந்து வைத்திருந்தால் பொங்கி வழிகிறதே, அதுபோலக் கோபம் கொண்ட தோஷம் தன் இடத்தைவிட்டு வழிகிறது.

பருவத்தோடு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பித்தம் மழைக்காலத்தில் குவிகிறது, மழைக்குப் பின் வரும் சரத் காலத்து வெயிலில் கோபம் கொள்கிறது, முன்பனியில் தணிகிறது. வாதம் கோடையில் குவிந்து மழையில் கோபம் கொள்ளும். கபம் பின்பனியில் குவிந்து வசந்தத்தில் உருகிக் கிளம்பும். இது வட இந்தியப் பருவங்களைப் பார்த்து எழுதிய கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் தமிழகக் கரையோரத்துக்கு அதை அப்படியே போட்டால், சரத் காலத்து வெயில் இருக்க வேண்டிய நேரத்தில் நாம் குடை பிடித்துக்கொண்டிருப்போம்.

என்னோடது ‘வாத உடம்பு’ன்னு ஒரு இணையத் தேர்வு சொல்லுது. அப்படின்னா நான் நோயாளியா?

பிரகிருதி என்ற சொல்லைச் சுற்றி நூல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ‘ப்ர’ (முன்), ‘க்ரு’ (செய்) சேர்ந்தது. முன்பே ஆகிப்போனது, இயல்பு. சுஸ்ருதர் கருத்தரிக்கும் நேரத்தில் எந்தத் தோஷம் ஓங்கியிருக்கிறதோ அதுவே பிரகிருதி, அது ஏழு வகை என்கிறார்: தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாக மூன்று, மூன்றும் சேர்ந்து ஒன்று. இணையத் தேர்வுகள் எல்லாம் இந்த வழியில் வருபவை.

சரகர் விமானஸ்தானம் ஆறாம் அத்தியாயத்தில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றும் சமமாக இருப்பதுதான் பிரகிருதி. ஒன்று ஓங்கியிருந்தால் அது விகிருதி, மாறிப்போனது. மாறிப்போனதை எப்படி ‘இயல்பு’ என்பது என்று கேட்கிறார். அப்படிப்பட்டவர்களை வாதலர், பித்தலர், ச்லேஷ்மலர் என்று அழையுங்கள் என்கிறார். வாதம் மிகுந்தவர் என்பதுதான் வாதலர் என்பதன் பொருள். அவர் கணக்கில் அவர்கள் முழு ஆரோக்கியத்தில் இல்லை, உணவிலும் பழக்கத்திலும் அந்தத் தோஷத்துக்கு எதிராக நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள்.

எனவே பதில் நீங்கள் எந்த ஆசிரியர் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்துக் கேள்விக்குப் பொத்தான் அழுத்தி வந்த முடிவை இரண்டு பேருமே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. அவர்கள் பார்க்கச் சொல்வதில் உடல் கட்டு, பசி, தூக்கம், பலம், வயது, ஊர் எல்லாம் இருக்கின்றன.

இந்தச் சொற்களைச் சமஸ்கிருத அகராதியில நானே தேடிப் பார்க்கணும். எப்படி எழுதித் தேடுறது?

தமிழ் எழுத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. வாதம், கபம் இரண்டிலும் மகர ஈறு நாம் சேர்த்தது. இணைய அகராதிகளில் பெரும்பாலும் vāta, pitta, kapha, śleṣman, doṣa, dhātu, āma என்று தேடலாம். மேற்கோடு, புள்ளி போட வசதியில்லையென்றால் ஹார்வர்ட்-கியோட்டோ முறையில் vAta, zleSman, doSa, dhAtu, Ama என்று தட்டச்சு செய்யுங்கள். அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு ஒலிகள். vAta என்பதற்குப் பதில் vAda என்று அடித்தால் நேராக வழக்கறிஞர்கள் பக்கம் போய்விடுவீர்கள்.